கடைசிக் கிராமில்தான் சிக்கல்

ஆயிரம் லிட்டர் அமிலக் கழிவுநீர், பிஎச் 2. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலுவான அமிலம் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுநிலையான 7-க்குக் கொண்டுவர 400 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதில் 360 கிராம் போட்டாலும் பிஎச் 3-ஐத்தான் தொடும். 5-லிருந்து 7-க்குப் போக அரை கிராம்கூட வேண்டாம். 4 கிராம் கூடிவிட்டால் 10-க்குத் தாவிவிடும்!

ஆகவே பிஎச் 3-இல் சரியாக ஓடும் பம்ப், 7-இன் அருகே அதே வேகத்தில் ஓடினால் இலக்கைத் தாண்டும். உடனே அமில பம்ப் முழிக்கும். திரையில் கோடு மேலும் கீழுமாக அலைந்தால், இரண்டு பம்புகளும் சண்டை போடுகின்றன என்று பொருள். ரசாயனச் செலவுதான் மிச்சம்.

இதற்கு நம்பகமான வழி இரண்டு தொட்டிகள். முதலாவதில் பெரிய பம்ப் 4 வரை கொண்டுவரும். இரண்டாவதில் நீர்த்த கரைசலைச் சிறு பம்ப் சொட்டுச் சொட்டாக விடும். 7-ஐ நெருங்க நெருங்க கட்டுப்பாட்டுக் கருவியின் வேகத்தையும் குறைத்து அமைக்க வேண்டும். நீரில் பைகார்பனேட் இருந்தால் வளைவு சற்றுத் தணியும். ஆனால் அதன் அளவு நாளுக்கு நாள் மாறும். கலக்கி சரியாகச் சுழலாவிட்டாலோ, மின்முனையில் அழுக்குப் படிந்தாலோ எந்த அமைப்பும் பலிக்காது. முதலில் அவற்றைப் பாருங்கள்.