60 மீட்டர் எங்கே போனது?

போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கினால் அதன் தகட்டில் ஹெட் மீட்டரில் போட்டிருக்கும். தரைக்கு மேலே பைப்பில் மாட்டும் பிரஷர் கேஜில் ஒரு வட்டம் பி.எஸ்.ஐ., இன்னொரு வட்டம் கிலோ. சொட்டுநீர்க் குழாயோடு வரும் தாளில் 1 பார் அழுத்தம் வேண்டும் என்று எழுதியிருக்கும். பைப் கடைக்காரரோ “4 கிலோ பைப்பா, 6 கிலோ பைப்பா?” என்று கேட்பார். நாலு பேரும் அளப்பது ஒன்றைத்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே போதும். ஆனால் எந்த மீட்டரை மாற்றுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாயை நிமிர்த்தி நிறுத்தி, 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பிடிப்பது 100 மில்லி, அதாவது 100 கிராம். 10 மீட்டர் ஊற்றினால் 1 கிலோ. அந்த 1 கிலோ எடை அடியிலுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரை அழுத்துகிறது. கடைக்காரர் சொல்லும் ‘கிலோ’ இதுதான். ஆகவே 10 மீட்டர் ஹெட் என்றால் 1 கிலோ. குழாய் அகலமானால் தண்ணீரின் எடை கூடும், அதைத் தாங்கும் பரப்பும் அதே அளவு கூடும். அதனால் அழுத்தம் மாறாது. உயரம் மட்டுமே கணக்கு.

பார் என்பது கிலோவைவிடச் சற்றே பெரிய அளவு. 1 பாருக்கு 10.2 மீட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான். தோட்டத்து வேலையில் பாரையும் கிலோவையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது. பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு என்ற அளவு. மீட்டரை 1.42-ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. கிடைக்கும், பி.எஸ்.ஐ.யை 0.7-ஆல் பெருக்கினால் மீட்டர் திரும்ப வரும். 30 மீட்டர் ஹெட் 3 கிலோ, பாரில் 2.94, பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 43.

ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் ஹெட்டை அடியில் சொல்வார்கள். “150 ஹெட்” என்றால் அடியா மீட்டரா என்று கேட்டுக்கொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது. 150 அடி என்பது 46 மீட்டர்கூட இல்லை.

பம்புக்காரர்கள் ஏன் நேரடியாக பாரிலோ பி.எஸ்.ஐ.யிலோ எழுதிவிடக் கூடாது? இம்பெல்லர் சுழன்று தண்ணீரை ஒரு வேகத்தில் வீசுகிறது. அந்த வேகம் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்பது தண்ணீரோ டீசலோ, திரவம் எதுவானாலும் ஒன்றுதான். ஆனால் அதே உயர டீசலின் எடை குறைவு. கேஜ் காட்டும் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். உயரம் பம்பின் குணம், அழுத்தம் திரவத்தையும் பொறுத்தது. அதனால் தகட்டில் உயரத்தைப் போடுகிறார்கள். 1.42 என்ற எண் தண்ணீருக்கு மட்டும்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இனி ஒரு தோட்டத்துக்குப் போவோம். போர் 300 அடி. 3 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரை 240 அடியில் இறக்கியிருக்கிறார்கள். கம்பெனி அட்டவணைப்படி அந்தப் பம்பு நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும்போது ஹெட் 60 மீட்டர். தோட்டக்காரர் 60-ஐ 1.42-ஆல் பெருக்கி, 85 பி.எஸ்.ஐ. வரும் என்று எதிர்பார்க்கிறார். மோட்டாரை ஓடவிட்டால் கேஜ் முள் 18-லேயே நின்றுவிடுகிறது. “மோட்டார் டூப்ளிகேட்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

மோட்டாரில் குறை இல்லை. அந்த 60 மீட்டர் பம்பு மொத்தமாகச் செய்யும் வேலை. கேஜ் காட்டுவது, தண்ணீர் தரைக்கு வந்த பிறகு மிஞ்சுவதை மட்டும். தண்ணீரை மேலே தூக்கச் செலவானதைக் கழிக்காமல் பெருக்கியதுதான் தப்பு.

எவ்வளவு கழிப்பது? மோட்டார் 240 அடியில் இருப்பதால் 73 மீட்டரைக் கழிக்கத் தோன்றும். அதுவும் சரியில்லை. அப்படிக் கழித்தால் 60-இல் மிச்சமே வராது, தண்ணீரும் வெளியே வந்திருக்காது. மோட்டார் எங்கே தொங்குகிறது என்பதல்ல, மோட்டார் ஓடும்போது போருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. மட்டத்துக்குக் கீழே மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் பைப்புக்குள் இருக்கும் தண்ணீரைத் தானே தாங்கிக்கொள்கிறது. இந்தப் போரில் ஓட்டத்தின்போது தண்ணீர் 140 அடியில் நிற்கிறது. அது 43 மீட்டர். மோட்டார் நிறுத்தியிருக்கும்போது மட்டம் இன்னும் மேலே, 110 அடியில் இருந்தது. ஓடத் தொடங்கியதும் 30 அடி இறங்கிவிட்டது. அதனால் காலையில் கயிறு விட்டுப் பார்த்த அளவை அப்படியே கணக்கில் போடக் கூடாது.

அடுத்தது உராய்வு. 240 அடி நீளமுள்ள ஒன்றரை அங்குலப் பைப்பில் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏறினால் 4 மீட்டர் ஹெட் உராய்விலேயே போய்விடும். காசை மிச்சம் பிடிக்க ஒன்றேகால் அங்குலப் பைப் போட்டு அதே 100 லிட்டரை ஏற்ற நினைத்தால் 11 மீட்டர் போகும். கால் அங்குலத்துக்கு 7 மீட்டர்! பைப் கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

இப்போது 60-இல் 43 போய், 4 போய், மிச்சம் 13 மீட்டர். பத்தால் வகுத்தால் 1.3 கிலோ, பாரில் 1.27, பி.எஸ்.ஐ.யில் 18.5. கேஜ் முள் நின்ற இடம் அதுதான்.

இந்த 13 மீட்டர் சொட்டுநீருக்குப் போதுமா? பெரும்பாலான டிரிப்பர்கள் 1 கிலோ அழுத்தத்துக்கு, அதாவது 10 மீட்டருக்கு வடிவமைத்தவை. நடுவில் ஃபில்டர் இருக்கிறது. சுத்தமாக இருந்தாலே அது 2 மீட்டர் சாப்பிடும். மிச்சம் 11. நிலம் சமமாக இருந்து, குழாயும் நீளமில்லாமல் இருந்தால் சமாளிக்கலாம். ஃபில்டரில் மண்ணும் பாசியும் சேர்ந்து இழப்பு 5 மீட்டராகிவிட்டால் வயலுக்கு 8 மீட்டர்தான் போகும். கடைசி வரிசைச் செடிகள் வாடத் தொடங்கும். இதைச் செடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் மாட்ட இடம் வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் அரைக் கிலோ ஆனதும் ஃபில்டரைக் கழுவ வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கேஜைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு கேஜ் என்றால் ஒவ்வொன்றின் பிழையும் கலந்து, வித்தியாசத்தையே கெடுத்துவிடும்.

கேஜின் பிழை சின்ன விஷயமல்ல. மலிவான கேஜில் முழு அளவில் 2 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். அந்த 2 சதவீதம் முள் காட்டும் எண்ணில் அல்ல, டயலின் கடைசி எண்ணில். 21 கிலோ, அதாவது 300 பி.எஸ்.ஐ. வரை போகும் டயலில் அது 0.4 கிலோ, நமது மொழியில் 4 மீட்டர். 13 மீட்டரை அளக்கப் போய் 4 மீட்டர் தவறினால் அளந்தும் பயனில்லை. 7 கிலோ, 100 பி.எஸ்.ஐ. டயல் என்றால் பிழை ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். இந்தத் தோட்டத்துக்கு அதுதான் பொருத்தம்.

கோடையில் தண்ணீர் மட்டம் 170 அடிக்கு இறங்கினால் தூக்க வேண்டியது 52 மீட்டர். பழைய கணக்கைப் போட்டால் 60-இல் 52-ம் 4-ம் போய் 4 மீட்டர் என்று வரும். ஆனால் கேஜ் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஏனென்றால் தண்ணீர் வரத்து குறையக் குறைய அதே பம்பு தரும் ஹெட் கூடும், உராய்வும் குறையும். வரத்து 100 லிட்டருக்குக் கீழே போய் ஏதோ ஓரிடத்தில் இரண்டும் ஒத்துப்போகும். தகட்டில் ஹெட்டை ஒரே எண்ணாகப் போடாமல் 30–75 மீட்டர் என்பது போல வீச்சாக எழுதுவதும் இதனால்தான். அதில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குபவர், அந்த உயரத்தில் தண்ணீர் நூலாகத்தான் வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

வால்வை முழுதாக மூடினால் வரத்து பூஜ்யம், ஹெட் உச்சம். இதை வைத்து மோட்டாரை மேலே தூக்காமலேயே பம்பின் நிலையை அறியலாம். நம் பம்புக்கு அட்டவணையில் உச்ச ஹெட் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுக்க ஓய்வில் இருந்த போரில் மட்டம் 110 அடி, 34 மீட்டர். கேஜுக்கு அப்பால் இருக்கும் கேட் வால்வை மூடி, மோட்டாரைப் போட்டு, முள் நின்றதும் படித்துவிட்டு நிறுத்த வேண்டும். சில விநாடி போதும். அதற்கு மேல் ஓடினால் பம்புக்குள் தண்ணீர் சுடும். 80-இல் 34 போக 46 மீட்டர், அதாவது 4.6 கிலோ, 65 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். முதலில் பைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு வரை 4 கிலோ பைப் போட்டிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். போருக்குள் இறங்கும் பைப்பிலோ, தண்ணீர் மட்டத்துக்கு அருகே முழு 8 கிலோவும் உட்காரும். 6 கிலோ பைப் அங்கே ஆகாது.

முள் 3.5 கிலோவிலேயே நின்றால் 11 மீட்டர் காணவில்லை என்று பொருள். மூன்று பேஸ் மோட்டாராக இருந்து புதிதாக வயர் மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் தலைகீழ்ச் சுற்று. இரண்டு வயரை இடம் மாற்றினால் முள் ஏறிவிடும். அதுவும் இல்லை, வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால், வால்வு மூடியபடியே மோட்டாரை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். விறுவிறுவென்று இறங்கினால் போருக்குள் பைப்பிலோ இணைப்பிலோ ஓட்டை இருக்கிறது, அல்லது பம்பின் மேலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் பைப் நன்றாக இருக்கிறது. மணலில் தேய்ந்த இம்பெல்லருக்காகத்தான் மோட்டாரை மேலே எடுக்க வேண்டும்.