எட்டு மணி மருந்து எந்த ஊர் எட்டு மணிக்கு?

வலிப்பு நோய்க்காக லெவெட்டிரசெட்டாம் சிரப் குடிக்கும் ஆறு வயதுக் குழந்தை. எடை 20 கிலோ. காலை 8 மணிக்கு 3 மி.லி., இரவு 8 மணிக்கு 3 மி.லி. என்று சென்னை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் நியூயார்க் போகிறார்கள். அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இனி எந்த 8 மணிக்கு மருந்து கொடுப்பது?

மருந்துக்கு ஊர் நேரம் எதுவும் தெரியாது. குடித்த மருந்து ரத்தத்தில் கலந்து ஒரு உச்சத்தைத் தொடும். அங்கிருந்து சிறுநீரகம் அதைச் சீரான விகிதத்தில் வெளியேற்றத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுட்காலம் என்பார்கள். லெவெட்டிரசெட்டாமுக்கு இந்த வயதுக் குழந்தைகளிடம் அது ஐந்து, ஆறு மணி நேரம்தான். ஆறு மணி என்றே வைத்துக் கணக்குப் போடலாம். உச்சத்தில் 100 பங்கு இருந்தால் ஆறு மணி நேரம் கழித்து 50, பன்னிரண்டு மணி நேரம் கழித்து 25. அந்த 25க்குக் கீழே இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்து மறுபடி ஏற்றிவிடுகிறது. 'நாளுக்கு இரண்டு வேளை' என்று சீட்டில் எழுதியிருப்பதன் உண்மையான பொருள் 'பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை' என்பதே. காலை, இரவு என்பதெல்லாம் நம் வசதிக்காக.

அரை ஆயுட்காலம் மருந்துக்கு மருந்து வேறுபடும். ஃபீனோபார்பிட்டோன் குடிக்கும் குழந்தைக்கு அது நாள் கணக்கில் போகும். அந்த மருந்தைப் பன்னிரண்டு மணிக்குப் பதிலாகப் பதினாறரை மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும், ரத்தத்தில் மருந்தின் அளவு 87 பங்கிலிருந்து 83க்குத்தான் இறங்கியிருக்கும். லெவெட்டிரசெட்டாமில் அதே தாமதம் 25ஐ 15 ஆக்கிவிடும். முதல் மருந்துக்குப் பயண நேரக் கணக்கு பெரிய கவலை இல்லை. இரண்டாவதற்கு மணி பார்த்தே ஆக வேண்டும். எனவே புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த மருந்து எவ்வளவு தாமதம் தாங்கும்?' என்பதுதான்.

இனி நம் குழந்தைக்கு வருவோம். சென்னையில் இரவு 8 மணி ஆகும்போது நியூயார்க்கில் அன்று காலை 10.30. சென்னையில் காலை 8 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 10.30. பழைய இடைவெளியை அப்படியே பிடித்துக்கொண்டு போனால், காலை மருந்து இரவு மருந்தாகவும் இரவு மருந்து காலை மருந்தாகவும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டு வேளையும் ஒரே அளவு என்பதால் இந்த இடமாற்றத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்று பயந்தது இரண்டரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது பாருங்கள்! நாளுக்கு இரண்டு வேளை மருந்துக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ஆகவே வித்தியாசம் பன்னிரண்டு மணியை நெருங்க நெருங்க வேலை குறையும். அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும் குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணி. அப்போது நகர்த்த வேண்டியது ஒன்றரை மணி நேரம்தான்.

லண்டன் பக்கத்தில் இருக்கிறதே, இன்னும் சுலபமாக இருக்கும் என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. கோடையில் லண்டன் நான்கரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையின் 8 மணிகள் அங்கே பின்னிரவு 3.30க்கும் பிற்பகல் 3.30க்கும் வந்து விழும். பாதித் தூரப் பயணத்துக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு நேர மாற்றம். அப்படிப் போகிறவர்கள் ஊரிலிருக்கும்போதே, சில நாள் முன்னதாக, வேளைக்கு அரை மணி நேரம் என்று தள்ளிக்கொண்டு வருவது குழந்தைக்கு நல்லது.

நியூயார்க் பயணத்தை மணிக் கணக்கோடு ஓட்டிப் பார்ப்போம். சென்னையில் அதிகாலை 4 மணிக்கு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் துபாய். அங்கே காலை 6.30, இந்திய நேரம் 8. இறங்கியதும் முதல் வேளை. துபாயிலிருந்து 8.30க்கு அடுத்த விமானம், பதினான்கு மணி நேரம். இந்திய நேரம் இரவு 8 மணி, அந்த விமானத்தில் ஏறிப் பத்தாவது மணி நேரத்தில் வரும். குழந்தை தூங்கினாலும் எழுப்பி அந்த வேளையைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது நியூயார்க்கில் காலை 10.30. அங்கே இறங்கும்போது பிற்பகல் 2.30. அடுத்த வேளை பதினோரு மணி நேரம் கழித்து, இரவு 9.30க்கு. மறுநாள் காலை மறுபடி பதினோரு மணி இடைவெளியில் 8.30க்கு. அன்று இரவு பதினொன்றரை மணி இடைவெளியில் 8.00. மூன்றே வேளையில் குழந்தை நியூயார்க் நேரத்துக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு வேளையும் தவறவில்லை, கூடுதல் வேளையும் இல்லை, அளவும் மாறவில்லை. பதினோரு மணி நேரத்தில் கொடுக்கும்போது ரத்தத்தில் 25க்குப் பதில் 28 பங்கு மருந்து மிச்சமிருக்கும். இந்தச் சிறு ஏற்றத்தைப் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். கொஞ்சம் கூடுதல் தூக்கம் வரலாம்.

திரும்பி வரும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். போகும்போது சுருங்கிய இடைவெளி வரும்போது நீள வேண்டியிருக்கும். நியூயார்க்கின் 8 மணிகள் சென்னையில் அதிகாலை 5.30, மாலை 5.30. அங்கிருந்து 8க்கு ஒரே தாவலில் போனால் பதினான்கரை மணி நேர இடைவெளி விழுந்து, மருந்து 19 பங்குக்கு இறங்கும். அதற்குப் பதில் ஐந்து வேளைக்கு, வேளைக்கு அரை மணி நேரம் என்று நீட்டினால் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. விடுமுறைப் பயணம் முடிந்த களைப்பில் இந்த ஐந்து வேளையைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால், தூக்கம் கெட்ட அதே நாளில் மருந்தும் குறைவது இரட்டை ஆபத்து.

கணக்கு சரியாக இருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் அலைபேசியால். துபாயில் இறங்கி அதை இயக்கியதும் கடிகாரம் தானாக ஒன்றரை மணி நேரம் பின்னால் போய்விடும். காலை 8க்கு என்று வைத்த அலாரம் துபாயின் 8 மணிக்கு, அதாவது இந்திய நேரம் 9.30க்கு அடிக்கும். விலை மலிவான கைக்கடிகாரம் ஒன்றை நியூயார்க் போய்ச் சேரும்வரை இந்திய நேரத்திலேயே விட்டு வைத்தால் இந்தக் குழப்பம் வராது. இன்னொரு ஆபத்து, அம்மா கொடுத்துவிட்டுத் தூங்க, அப்பா எழுந்து மறுபடி கொடுப்பது. மருந்துப் பையில் ஒரு தாளை வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் இந்திய நேரம், போகும் ஊர் நேரம் இரண்டையும் முன்கூட்டியே எழுதி, கொடுத்தவுடன் கொடுத்தவர் பேரோடு அடித்துவிடுங்கள். குடித்ததும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தியானால் அதே அளவை மறுபடி கொடுப்பது, அதற்குப் பிறகென்றால் விட்டுவிடுவது என்பதே இந்த மருந்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முறை.

இனி பை. மூன்று வாரத்துக்கு நாளுக்கு 6 மி.லி. வீதம் 126 மி.லி. வேண்டும். விமானம் ரத்தாகி, பாட்டில் கீழே விழுந்து உடையும் நாளுக்காக ஒரு வாரம் கூடுதல், 42 மி.லி. ஆக 168. நூறு மி.லி. பாட்டில் இரண்டு. இரண்டையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால், பன்னிரண்டு மணி நேரக் கெடு பெட்டிக்காகக் காத்திருக்காது. கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மருந்துக்கு விலக்கு உண்டு. சோதனை மேசையில் தனியாக எடுத்து வைத்து, மருத்துவர் சீட்டைக் காட்டினால் போதும். மருந்தைக் கடைப் பெயரில் மட்டும் எழுதாமல் மூல மருந்தின் பெயரிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம்மூர்க் கடைப் பெயர் அங்குள்ள மருந்துக்கடைக்குத் தெரியாது. நம் பாராசிட்டமாலையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்றுதான் விற்கிறார்கள். ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். நம் பாட்டிலில் 100 மில்லிகிராம். வேறு செறிவுள்ள பாட்டில் கிடைத்தால் '3 மி.லி.' என்ற அளவு தவறாகிவிடும்.

விமானத்தில் பாட்டிலைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்காகக் குறையும். பாதி காலியான பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று வெளியே வரத் தள்ளும். மூடி சரியாக இறுகாவிட்டால் சிரப் கசியும். பாட்டிலைச் சிறு பிளாஸ்டிக் உறையில் நிமிர்த்தி வையுங்கள். திறக்கும்போது மெதுவாகத் திறந்து, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள். குலுங்கும் விமானத்தில் கரண்டி அளவை நம்ப முடியாது.

வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே கொடுத்திருந்தால், அது தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருக்கக் கூடாது. இருக்கைக்கு முன்னால், கை எட்டும் இடத்தில் வேண்டும். பல நாடுகளில் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குள் இவ்வகை மருந்தைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். பயண வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டின் விதியையும் பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மேலே போட்ட கணக்கு ஒரு குழந்தைக்கு, ஒரு மருந்துக்கு. இன்சுலின் போடும் குழந்தைக்கு இது பொருந்தாது. அங்கே உணவு நேரமும் சர்க்கரை அளவும் சேர்ந்து தீர்மானிக்கும். ஸ்டீராய்டு குடிக்கும் குழந்தைக்கும் தனித் திட்டம் வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், விமான நேரங்களையும் நீங்கள் எழுதிய வேளைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு குழந்தையின் மருத்துவரைப் பாருங்கள். அவர் திருத்திக் கையெழுத்துப் போட்ட தாளே உங்கள் பயணத்துக்கான கடிகாரம்.