லிஃப்ட் நிற்கிறது, டெக்னீஷியன் வருகிறார், மறுபடி நிற்கிறது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டத்தில் தவறாமல் எழும் புகார்களில் ஒன்று லிஃப்ட். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., போட்டிருக்கிறோம். முதல் ஆண்டு நன்றாகத்தான் பார்த்தார்கள். இப்போது போன் செய்தால்தான் வருகிறார்கள், வந்தாலும் ஒரு வாரம்தான் ஓடுகிறது. உடனே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, கம்பெனியை மாற்று. மற்றொன்று, வேறு யார் வந்தாலும் இப்படித்தான், விடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சேவை செய்பவர்களிடம் நெடுங்காலமாகக் கையாளும் வழி அது. ஒரு சிறிய சங்கமும் அதைச் செய்ய முடியும்.

ஒரு கற்பனைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். எண்பது வீடுகள், ஏ பிளாக்கில் ஒரு லிஃப்ட், பி பிளாக்கில் ஒன்று. உதிரிபாகங்களும் அடங்கிய முழுப் பராமரிப்பு ஒப்பந்தம், இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் ஒரு முறை சர்வீஸ் செய்ய வேண்டும், பழுதானால் வந்து சரிசெய்ய வேண்டும்.

செயலாளர் முதலில் செய்ய வேண்டியது சண்டை அல்ல, பதிவேடு. செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு. லிஃப்ட் நின்ற நேரம், எந்த மாடியில் நின்றது, உள்ளே ஆள் இருந்தார்களா, போன் செய்த நேரம், டெக்னீஷியன் வந்த நேரம், லிஃப்ட் மறுபடி ஓடிய நேரம், என்ன செய்தார் என்று அவரே எழுதிய ஒரு வரி. வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் கொதிப்பதைவிட இந்த நோட்டு பலம் வாய்ந்தது. குழுவில் இருப்பது கோபம். அதை வைத்துக்கொண்டு கம்பெனி மேலாளரிடம் பேசினால், "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார் சொல்வார்கள்" என்று எளிதாகக் கடந்துவிடுவார்.

மூன்று மாத நோட்டைப் புரட்டினால் பதினான்கு பழுதுகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து ஏ பிளாக்கில். அந்தப் பத்தில் எட்டு கதவுக் கோளாறு. எட்டில் ஆறு, தரைத்தளத்திலும் நான்காவது மாடியிலும். இப்போதுதான் விஷயம் விளங்க ஆரம்பிக்கிறது. லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு பூட்டும், கதவு சரியாக மூடியிருக்கிறது என்று சொல்லும் ஒரு மின் தொடர்பும் உண்டு. அந்தத் தொடர்பு கிடைக்காவிட்டால் லிஃப்ட் நகராது. கதவு ஓடும் கீழ்த்தடத்தில் மணலும் சிமென்டும் சேர்ந்தாலோ, கதவைத் தாங்கும் ரோலர்கள் தேய்ந்தாலோ கதவு முழுதாக மூடாது. டெக்னீஷியன் வருகிறார், தடத்தைத் துடைக்கிறார், தொடர்பைச் சுத்தம் செய்கிறார், லிஃப்ட் ஓடுகிறது. தேய்ந்த ரோலர் அப்படியே இருக்கிறது. பத்து நாளில் மறுபடி நிற்கிறது.

முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ரோலரின் விலை கம்பெனியின் தலையில். ஆகவே மாற்றுவதைத் தள்ளிப்போடத் தோன்றும். உதிரிபாகத்துக்குத் தனியாகப் பணம் வாங்கும் ஒப்பந்தமாக இருந்தால் நிலைமை தலைகீழ்: விலைப்பட்டியல் கொடுத்துவிட்டு, சங்கம் ஒப்புதல் தரவில்லை என்று காத்திருப்பார்கள். எந்த வகை ஒப்பந்தம் என்று தெரிந்தால், சேவை எந்த இடத்தில் சறுக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது கூட்டம். வழக்கமாக வரும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுத் திட்டுவது கூட்டம் ஆகாது. அவருக்கு ரோலர் வாங்கித் தரும் அதிகாரம் கிடையாது; அவர் கையில் ஒரு நாளைக்கு எத்தனை லிஃப்ட் என்று தீர்மானிப்பதும் அவரல்ல. கிளையின் சர்வீஸ் மேலாளர் வர வேண்டும். எழுத்தில் அழைத்து, பதிவேட்டின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் மூன்று நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். அப்போதுதான் அவர் தன் ஆட்களிடம் விசாரித்துவிட்டு வருவார். இல்லையென்றால் "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்" என்பதோடு முதல் கூட்டம் வீணாகிவிடும்.

கூட்டத்தில் மேலாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுவாக இருக்கும்: "போன் பண்ணினா எங்க ஆளு நாற்பது நிமிஷத்துல வந்துடறாரே சார்." உண்மைதான். நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சேவை சறுக்கும் இடத்தில் நம்மை ஏமாற்றும் அளவு இதுதான். வேகமாக வருவது நல்ல சேவையின் ஒரு பாதி. செயலாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அதே ரெண்டு மாடியில அதே கோளாறுக்கு ஏன் சார் ஆறு தடவை வரணும்?" முப்பது நாளுக்குள் அதே பழுது திரும்பினால் முந்தைய பழுது சரிசெய்யப்படவில்லை என்றுதான் கணக்கு. கூட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் கழிந்தாலும் நல்லதே.

மேலாளருக்கும் சொல்ல இருக்கும். நான்காவது மாடியில் இரண்டு மாதமாக ஒரு வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறது. மணல் மூட்டை லிஃப்டில்தான் போகிறது. போன காலாண்டுப் பில்லுக்கு இன்னும் காசோலை வரவில்லை. லிஃப்டின் அடிக்குழியில் தண்ணீர் நிற்பதாக இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பம்ப் வைக்கவில்லை. இவற்றைக் கேட்டுச் சங்கத்தினர் முகம் சுளிக்கக் கூடாது. நம் பக்கத்துத் தவறு நம் பக்கமே பதிவாகிவிட்டால், பிறகு அதைக் காரணம் காட்டி யாரும் தப்ப முடியாது.

பேசியதை அன்றே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இது புது ஒப்பந்தம் அல்ல, இருக்கும் ஏ.எம்.சி.யின் இணைப்பாக, தொண்ணூறு நாளுக்கான மேம்பாட்டு உடன்படிக்கை. "சேவைத் தரம் உயர்த்தப்படும்" என்ற வரி அதில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதை யாராலும் அளக்க முடியாது. நம் குடியிருப்பின் உடன்படிக்கை இப்படி இருக்கலாம். ஏ பிளாக்கின் எல்லா மாடிக் கதவுகளிலும் தேய்ந்த ரோலர்கள் பத்து நாளுக்குள் மாற்றப்படும். கழற்றிய பழைய பாகங்கள் சங்கத்திடம் காட்டப்படும். அதன்பின் இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து மாதம் இரண்டு பழுதுக்கு மேல் வராது. முப்பது நாளில் திரும்பும் பழுது எதுவும் இருக்காது. ஆள் உள்ளே மாட்டினால் முப்பது நிமிடத்தில், மற்றப் பழுதுக்கு இரண்டு மணி நேரத்தில் ஆள் வருவார். மாத சர்வீஸ் நாள் முன்கூட்டியே சொல்லப்படும், சங்கத்தில் ஒருவர் உடனிருப்பார். சங்கத்தின் பங்காக, பதினைந்து நாளில் பாக்கிப் பணம், அடிக்குழிக்குப் பம்ப், கட்டட வேலைக்கு மணல் மூட்டைகளை லிஃப்டில் ஏற்றத் தடை.

எது பழுதுக் கணக்கில் சேரும், எது சேராது என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். மின்வெட்டு, வெள்ளம், யாரோ கதவை உதைத்தது ஆகியவை சேராது. இதை விட்டுவிட்டால் இரண்டாவது கூட்டம் முழுக்க அந்தச் சண்டையாகவே போய்விடும்.

ஆனால் எண்ணிக்கை இலக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கதவுப் பூட்டின் மின் தொடர்பை ஒயர் போட்டு இணைத்துவிட்டால் கதவுக் கோளாறால் லிஃப்ட் நிற்காது. கதவு திறந்திருந்தாலும் ஓடும். உயிரைப் பறிக்கக்கூடிய குறுக்கு வழி அது. எனவே, பழுது திடீரென்று சுத்தமாக நின்றுபோனால் மகிழ்வதற்கு முன் என்ன பாகம் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ஒவ்வொரு மாத சர்வீஸிலும், கதவு திறந்த நிலையில் லிஃப்ட் நகரவில்லை என்பதை டெக்னீஷியன் செய்து காட்டிக் கையெழுத்திட வேண்டும் என்று உடன்படிக்கையில் சேருங்கள். இந்தச் சோதனையைக் குடியிருப்பவர்கள் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

இலக்கு தவறினால் என்ன என்பதற்கும் ஒரு வரி வேண்டும். தவறிய மாதத்துக்கு, மாதக் கட்டணமான 10,000 ரூபாயில் பத்து சதவீதம் பிடித்தம் என்று வைத்தால் அது வெறும் 1,000 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் பில்லில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்தக் கிளை தன் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பிடித்தத்தின் வேலை அதுதான். பெரிய அபராதம் கேட்டால் கையெழுத்தே கிடைக்காது. ஓராண்டுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்ட சங்கத்துக்கு இந்தப் பிடிமானமே இல்லை. காலாண்டு முடிவில் பணம் கொடுக்கும் முறைக்கு மாறுவது நல்லது.

பிறகு முப்பதாம், அறுபதாம், தொண்ணூறாம் நாட்களில் கூட்டம். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் போதும். அதே ஒரு பக்கத் தாள், அதே வரிகள், எதிரே புதிய எண்கள். நம் குடியிருப்பில் ரோலர் மாற்றிய முதல் மாதம் இரண்டு பழுது. இரண்டாம் மாதம் மூன்று, ஆனால் ஒன்று அடிக்குழித் தண்ணீரால் வந்தது. சங்கம் பம்பு வைக்கத் தாமதித்ததால் அது சங்கத்தின் கணக்கு. மூன்றாம் மாதம் ஒன்று. இங்கே உடன்படிக்கையை முடித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று தளர்த்தலாம்.

எல்லா இடத்திலும் இப்படி முடியாது. சரிப்படாது என்பதற்கு அறிகுறிகள் அறுபதாம் நாளிலேயே தெரியும். முதல் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட அதே வேலை இரண்டாம் கூட்டத்திலும் "நடந்துகொண்டிருக்கிறது" என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய மேலாளர் வந்து முதலிலிருந்து கேட்பார். உதிரிபாகத்துக்கு "தலைமையகத்தில் ஒப்புதல்" என்ற பதில் தேதியில்லாமல் நிற்கும். டெக்னீஷியன்கள் விலகிப்போய் ஆளே இல்லாத கிளையை எந்த உடன்படிக்கையும் காப்பாற்றாது. அப்போது ஒப்பந்தத்தில் உள்ள விலகல் அறிவிப்பைக் கொடுப்பதுதான் சரி. கையெழுத்திட்ட தாள்கள் இருப்பதால், மீதிப் பணத்தைக் கேட்கும்போது நம் வாதத்துக்கு ஆதாரமும் இருக்கும்.

மாற்றும்போது ஒரு முட்டுக்கட்டை வரும். சில லிஃப்டுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியை, தயாரித்த கம்பெனியின் கருவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் வேறு யாரும் திறந்து சரிசெய்ய முடியாது. மின் வரைபடம், சர்வீஸ் பதிவுகள், கடவுச்சொல் ஆகியவற்றை விலகும்போது ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்காத சங்கம், பிடிக்காத கம்பெனியிடமே மாட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் லிஃப்டை இயக்க 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், ஒருவர் விலகி மற்றவர் வரும் இடைவெளியில் பராமரிப்பு இல்லாமல் லிஃப்டை ஓடவிடுவதும் கூடாது.

உங்கள் குடியிருப்பின் ஏ.எம்.சி. புதுப்பிக்க வரும் நாள் எது என்று இப்போதே பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே செக்யூரிட்டி மேசையில் அந்த நோட்டை வையுங்கள்.