மூன்றே கால் எத்தனை நட்சத்திரம்?

ஒரு புது உணவகத்துக்கு நான்கு பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்: 5, 4, 3, 1. கூட்டினால் 13, நான்கால் வகுத்தால் 3.25. திரையில் இருப்பதோ ஐந்து நட்சத்திரம். முழுசு உண்டு, பாதி உண்டு, கால் கிடையாது. இதை மூன்று என்று காட்டுவதா, மூன்றரை என்றா?

மதிப்பெண்ணை முதலில் இரண்டால் பெருக்க வேண்டும். அப்போது கணக்கு அரை நட்சத்திரங்களில் வந்துவிடும். 3.6 என்றால் 7.2 அரைகள், அருகிலுள்ள முழு எண் 7. அதை இரண்டால் வகுத்தால் ஈவு 3, மீதி 1. மூன்று முழு நட்சத்திரம், ஒரு பாதி, எஞ்சிய ஒன்று வெறுமை.

இதைச் செய்யாமல், புள்ளிக்கு முன்னால் உள்ளதை முழு நட்சத்திரமாகவும், பின்னால் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதியாகவும் எடுத்துக்கொள்ளும் நிரல்கள் உண்டு. அவற்றில் 4.9 வாங்கிய கடை நாலரையிலேயே நின்றுவிடும். உழைத்து வாங்கிய மதிப்பைக் குறைத்துக் காட்டுவது அநியாயம். நிரலுக்கு 4.9 கொடுத்துப் பாருங்கள். ஐந்தும் நிரம்பாவிட்டால் கோளாறு இதுதான்.

மூன்றே காலின் சிக்கல் இன்னும் நுட்பமானது. இருமடங்கு 6.5; ஆறுக்கும் ஏழுக்கும் சரிநடு. ஜாவாஸ்கிரிப்டின் `Math.round` இதை 7 ஆக்கும். பைத்தானின் `round` 6 ஆக்கும். நடுவில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுவது அதன் விதி. எப்போதும் மேலேயே தள்ளினால் நீண்ட கூட்டல்களில் பிழை ஒரே பக்கம் சேரும் என்பதற்காக வைத்த விதி அது. நட்சத்திரக் கணக்கில் இரட்டைப்படை அரைகள் என்றால் முழு நட்சத்திரம். ஆகவே 3.25 மூன்றாகும், 3.75 நான்காகும், சரிநடுவில் நிற்கும் எதுவுமே அரையாகாது. பட்டியலை பைத்தானும் கடையின் தனிப்பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டும் வரைந்தால், ஒரே கடைக்கு ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் மூன்றரை. நான்கு பேர் மட்டுமே மதிப்பிட்ட கடையில் கால், முக்கால் அடிக்கடி வரும் என்பதால் இது அரிய தவறல்ல.

விதியை நாமே எழுதிவிட்டால் குழப்பம் தீரும்:

```python
import math
score = 3.25
a = math.floor(score * 2 + 0.5)
full, half = divmod(a, 2)
print("★" * full + "½" * half + "☆" * (5 - full - half))
```

இது ★★★½☆ என்று அச்சிடும். பாதி நட்சத்திரத்துக்கென்றே ⯨ என்ற குறி 2018இல் யூனிகோடில் சேர்ந்தது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டம்தான் தெரியும். அதனால் ½ பத்திரமானது. பக்கத்திலேயே 3.25 என்ற எண்ணையும், எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

யாருமே மதிப்பிடாத கடைக்கு ☆☆☆☆☆ போடவே கூடாது. எல்லாரும் ஒதுக்கிய கடை என்று அதைப் பார்ப்பவர் நினைப்பார். அங்கே ‘இன்னும் மதிப்பீடு வரவில்லை’ என்று எழுத வேண்டும்.