விளக்குக்கு ஏற்ற சுவர்: பூஜை மூலையின் நிறத் தேர்வு

வீட்டுப் பூஜை மூலையில் சுவருக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பல நிறங்கள் வந்து குடியேறிவிடுகின்றன. குத்துவிளக்கின் பித்தளை மஞ்சள், குங்குமச் சிவப்பு, முருகன் படத்து மயில் நீலம், லட்சுமி படத்துத் தாமரை இளஞ்சிவப்பு, அன்றன்று மாறும் பூ என எல்லாமே அழுத்தமான நிறங்கள். இவற்றில் எதையும் வீட்டார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாற்ற முடிந்தவை மூன்றுதான்: படங்களுக்குப் பின்னால் உள்ள சுவர், விளக்கு நிற்கும் தட்டு, மேலே எரியும் மின்விளக்கு. ஆகவே அமைதியான பூஜை மூலையைத் திட்டமிடுவது என்பது புதிதாக ஒரு நிறத்தைக் கொண்டுவருவதல்ல. இருக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று முட்டாதபடி அவற்றுக்குப் பின்னணி தேடுவது.

பித்தளையே தொடக்கம்

பெயின்ட் கடையின் ஷேட் கார்டைப் பார்ப்பதற்கு முன் வீட்டு விளக்கைப் பார்க்க வேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். செம்பு கூடினால் செம்மை ஏறும். துத்தநாகம் கூடினால் மஞ்சள் தூக்கலாகும். அதனால் பாட்டி காலத்து விளக்கும் புதிதாக வாங்கிய விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரே நிறமாகத் தெரிவதில்லை. ஒரே விளக்கின் நிறமும் நிலையானதல்ல. புளி போட்டுத் தேய்த்த அன்று வெளிர்ந்த பொன்னாக இருக்கும் விளக்கு, நாள் செல்லச் செல்லக் காற்றும் எண்ணெயும் பட்டுப் பழுப்பேறும். தேய்த்த அன்று மட்டும் எடுப்பாகத் தெரியும் பின்னணி போதாது. பழுப்பேறிய நாட்களிலும் அது விளக்கைக் கைவிடக் கூடாது.

இதற்குப் பார்க்க வேண்டியது நிறத்தின் பெயரை அல்ல, அதன் வெளுப்பையும் அடர்த்தியையும். பித்தளை அவ்வளவு வெளிறியதும் அல்ல, அவ்வளவு கருத்ததும் அல்ல. இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. பின்சுவரும் அதே இடைநிலையில் இருந்தால், நிறம் வேறாக இருந்தும் விளக்கின் உருவம் சுவரில் கரைந்துவிடும். சுவர் விளக்கைவிடத் தெளிவாக வெளிறியோ, தெளிவாக அடர்ந்தோ இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. அதில் விளக்கின் தண்டும் அகலும் சுவரிலிருந்து பிரிந்து தெரிந்தால் பின்னணி சரி. சாம்பலோடு சாம்பலாக ஒன்றிப்போனால் அந்த நிறம் ஆகாது.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதில் அதன் பக்கத்தில் இருக்கும் நிறத்துக்கும் பங்குண்டு. பாரிசின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரல் இதை முறைப்படி ஆராய்ந்தார். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று அங்கே புகார் எழுந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டுகின்றன என்று அவர் கண்டார். அந்த ஆய்வு 1839இல் நூலாக வந்தது. அருகருகே இருக்கும் இரு நிறங்கள் தமக்குள் உள்ள வேற்றுமையைக் கண்ணுக்குக் கூட்டிக் காட்டும் என்பது அதன் சாரம்.

பூஜை மூலைகளில் வழக்கமாகச் செய்யும் தேர்வுகள் ஏன் பிசகுகின்றன என்பது இதிலிருந்து புரியும். பளிச்சென்ற வெள்ளை டைல்ஸ் சுத்தமாகத் தோன்றும். ஆனால் அதன் முன்னால் பித்தளை இருக்கும் நிறத்தைவிட அழுக்காகத் தெரியும், மல்லிகைச் சரமோ இருப்பதே தெரியாது. மாம்பழ மஞ்சள் சுவரில் விளக்கும் சாமந்தியும் மறைந்துவிடும். அழுத்தமான நீலம் மஞ்சளுக்கு நேர் எதிர் என்பதால் விளக்கைத் தூக்கிக் காட்டும். ஆனால் அந்த எடுப்பே கண்ணை ஓய்வெடுக்க விடாது. பளீர் சிவப்பு, குங்குமத்தையும் செம்பருத்தியையும் விழுங்கிக்கொண்டு தானே முன்னால் வந்து நிற்கும்.

தாக்குப்பிடிப்பவை மங்கலான நிறங்கள், அதாவது சிறிது சாம்பல் கலந்து அடங்கியவை. வெற்றிலையின் பின்பக்கத்தைப் போன்ற வெளிர் பச்சை அவற்றில் முதலிடம் பெறத் தக்கது. பெரும்பாலான பூக்களை நாம் இலையோடுதான் பார்க்கிறோம். ஆகவே வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எந்தப் பூ வந்தாலும் அந்தப் பச்சை அதற்கு இடம்விடும். அடுத்தது, வெள்ளையிலிருந்து ஓரிரு படி இறங்கிய சுண்ணாம்பு நிறம். தேக்குப் பழுப்பு போன்ற அடர்ந்த நிறமும் சரிவரும். அதன் முன்னால் விளக்கும் வெள்ளைப் பூவும் நன்றாக எடுத்துத் தெரியும். ஆனால் மாடம் சிறியதாக இருந்தால் அடர்நிறம் அதைப் பொந்து போல ஆக்கிவிடும். வெளிச்சமும் அகலமும் உள்ள இடத்துக்கே அது ஏற்றது.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது

பகலில் பிடித்த நிறம் விளக்கு ஏற்றியதும் வேறாகிவிடுவது பலர் காணும் ஏமாற்றம். எண்ணெய்ச் சுடரின் ஒளியில் மஞ்சளும் செம்மையும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. அதனால் அந்த ஒளியில் நீலச் சுவர் சாம்பலாகச் சோர்ந்துபோகும், வெளிர் பச்சையில் லேசாக மஞ்சள் ஏறும், சந்தன நிறம் பித்தளையை நோக்கி நகரும், சிவப்பு இன்னும் சூடாகும்.

மின்விளக்கின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். கடைகளில் ‘வார்ம் ஒயிட்’ என்று விற்பது 2,700 முதல் 3,000 வரை; டியூப் லைட் போன்ற நீலவெள்ளை ஒளி 6,500. இந்த 6,500 கெல்வின் விளக்கின் கீழ் அகல் சுடர் ஆரஞ்சுப் புள்ளியாகச் சுருங்கிவிடும், பித்தளையும் பச்சை ஓடியது போலத் தெரியும். சுடரின் நிறத்துக்கு அருகில் வரும் 2,700 கெல்வின் விளக்கே பொருத்தம். அதையும் கண்ணுக்கு நேரே தெரியாதபடி மாடத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். வண்ண மாலை போல நிறம் மாறி மாறி மின்னும் விளக்குச் சரம் இருந்தால் மற்ற திட்டம் எதுவும் பயன் தராது.

ஒரு மாடத்தின் திட்டம்

அடுக்குமாடி வீடு ஒன்றின் ஹாலில் மூன்றடி அகலம், நான்கடி உயரத்தில் ஒரு பூஜை அலமாரியை எடுத்துக்கொள்ளலாம். உள்பக்கம் மஞ்சள் சாயல் கொண்ட பளபளப்பான லேமினேட். மேல்தட்டில் பிள்ளையார், முருகன், லட்சுமி படங்கள். ஒன்று பொன்னிறச் சட்டம், ஒன்று வெள்ளி, ஒன்று சிவப்பு பிளாஸ்டிக். கீழே ஓரடி உயரக் குத்துவிளக்குகள் இரண்டு, நடுவில் காமாட்சி விளக்கு. மேலே நீலவெள்ளை எல்.இ.டி. பட்டை.

முதல் வேலை, அலமாரியைக் காலிசெய்து பின்பலகையை மட்டும் பார்ப்பது. அதன் மஞ்சள் சாயல் பித்தளையோடு ஒட்டிக்கொள்வதால் அது மாற வேண்டும். வெளிர் சாம்பற் பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, மங்கிய சந்தனம் ஆகிய மூன்று நிறங்களில் சிறு டப்பா பெயின்ட் வாங்கி, ஒவ்வொன்றையும் ஓரடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட வேண்டும். ஷேட் கார்டின் விரலகலக் கட்டம் இதற்கு உதவாது. பரப்பு பெரிதாகும்போது அதே நிறம் அழுத்தமாகத் தெரியும். அட்டைகளை விளக்குக்குப் பின்னால் நிறுத்தி, காலை வெளிச்சத்திலும், மாலையில் மின்விளக்கிலும், பிறகு அதை அணைத்துச் சுடரொளியில் மட்டுமாகவும் பார்க்க வேண்டும். இந்த அலமாரியில் சந்தன அட்டை மூன்றாம் சோதனையில் தோற்கும். சுடரொளியில் அதற்கும் பித்தளைக்கும் வேற்றுமை குறைந்துவிடும். சுண்ணாம்பு வெள்ளையில் விளக்கு தெரியும், மல்லிகை மங்கும். சாம்பற் பச்சையில் இரண்டும் தெரியும்.

பின்பலகை பச்சையானதும் தட்டுக்கு அடர்ந்த தேக்கு நிறம் தரலாம். விளக்கின் பாதம் நிற்கும் இடம் அடர்ந்திருந்தால் அதன் கனம் கீழே படிந்து நிற்கும். சிந்திய எண்ணெயும் மஞ்சள் கறையும் உடனே கண்ணில் படாது. படங்களின் நிறத்தை மாற்ற முடியாது, சட்டங்களை மாற்ற முடியும். மூன்றுக்கும் ஒரே அகலத்தில் மெல்லிய மரச் சட்டம் போட்டால் பல நிறப் படங்கள் ஒரு வரிசையாகிவிடும். அழுத்தமான நிறம் ஒன்றுக்கு மட்டும் இடமுண்டு: தட்டில் விரிக்கும் அரக்குப் பட்டுத் துணி. பெரும்பரப்பு பச்சை, அதில் பாதிக்கும் குறைவாக மரநிறம், சிறு பட்டையாக அரக்கு. இந்த அளவு மீறாதவரை மூலை அமைதியாக இருக்கும்.

பூவின் முறை

தினமும் மாறுவது பூ என்பதால் திட்டம் குலைவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு நிறம் மிகுதியாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தால் போதும். மல்லிகைச் சரத்தில் இடையிடையே கனகாம்பரம் தொடுக்கும் பழைய வழக்கம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வெள்ளை பெரும்பகுதி, செம்மஞ்சள் சிறு பகுதி. மஞ்சள் சாமந்தியை நேரே விளக்கில் சுற்றினால் இரண்டும் ஒரே திரளாகிவிடும்; நடுவில் துளசியோ மருவோ வந்தால் பிரிந்து தெரியும். இளஞ்சிவப்பு அரளியும் கனகாம்பரமும் அடுத்தடுத்து வந்தால் முட்டும். இடையில் வெள்ளைப் பூ வைத்தால் தணியும். மார்கழியில் கிடைக்கும் ஊதா டிசம்பர் பூ சுடரொளியில் கருத்துப்போவதால் அதைக் காலைப் பூஜைக்கு வைப்பது நல்லது. வாடிப் பழுத்த மல்லிகை பச்சைப் பின்னணியில் உடனே கண்ணில் படும். மறுநாள் அதை எடுத்துவிட வேண்டும்.

பூச்சும் புகையும்

நிறம் நிலைப்பது பெயின்டின் வகையைப் பொறுத்தது. பளபளப்பான எனாமல், சுடரையும் மின்விளக்கையும் திருப்பி அடித்துச் சுவரில் ஒளித்திட்டுகளைக் காட்டும். முழு மேட் எமல்ஷன் கண்ணுக்கு இதம். ஆனால் அதில் எண்ணெயும் கரியும் ஏறினால் துடைக்க வராது. இரண்டுக்கும் நடுவே, மெல்லிய மினுமினுப்புடன் கழுவத் தக்க சாட்டின் வகை எமல்ஷன் பொருந்தும்.

சுவரில் கரி படிவதற்குத் திரியே பெரும்பாலும் காரணம். திரி தடித்தோ நீண்டோ இருந்தால் எண்ணெய் முழுதாக எரியாமல் கரிப்புகை எழும். சுடரின் நுனி நீண்டு துடித்துக்கொண்டிருப்பது அதன் அடையாளம். திரியை உள்ளிழுத்தால் சுடர் சிறுத்து நிற்கும், புகையும் குறையும். கற்பூரம் எப்போதும் கரியைக் கக்குவது. அதை அலமாரிக்கு வெளியே ஏற்றிக் காட்டுவதே சுவருக்கு நல்லது. சுடருக்கு நேர் மேலே மரத்தட்டு தாழ்வாக இருக்கக் கூடாது. அங்கே முதலில் வருவது கறை, பிறகு தீ ஆபத்து. படிந்த கரியை முதலில் உலர்ந்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகே சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டால் கரி இழுபட்டுப் பரவி, வெளிர் பச்சை அழுக்குச் சாம்பலாகிவிடும்.