விளக்கை மட்டும் அணைத்தால் போதுமா?



“விளக்கை அணை” என்பார்கள், தோட்டத்தில் வளர்ந்த நம் பாட்டிமார். அவர்கள் பார்த்தது 60 வாட் குண்டு பல்பு. இன்று ஈப்போ வீடொன்றில் 10 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும் மாதத்திற்கு 6 யூனிட்தான். மூன்று 75 வாட் மின்விசிறிகளோ, தினமும் 8 மணி நேரம் சுழன்றால் 54 யூனிட்! விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அதற்கு வேலையே இல்லை.

குளிர்பதனப் பெட்டி நாளுக்கு ஒரு யூனிட் என்றால் மாதத்திற்கு 30. அதை அணைக்க முடியாது. ஆனால், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக வந்துவிட்டால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியேறுகிறது. ரப்பரை முதலில் துடைத்துப் பாருங்கள். பலனில்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள்.