நேற்றைய பிரட்டுக்கு இன்று என்ன விலை?

எங்கள் தெரு முனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. மதியம் 3 மணிக்கு அடுப்பிலிருந்து பிரட் இறங்கும். 4 மணியிலிருந்து 7 மணி வரை டீயும் பஃப்ஸுமாகக் கூட்டம் நெரியும். கடைக்கார அண்ணன் போன வருடம் ஒரு பலகை மாட்டினார்: ‘இரவு 8 மணிக்கு மேல் எல்லாம் பாதி விலை.’ மிஞ்சுவதைக் குப்பையில் கொட்டாமல் காசாக்கலாம் என்பது அவர் எண்ணம். முதல் வாரம் தட்டுகள் காலியாகின. அவருக்கு மகிழ்ச்சி. ஒரே மாதத்தில் பலகையைக் கழற்றிவிட்டார்.

“ஆறு மணிக்கு வந்துட்டிருந்தவங்க எல்லாம் எட்டு மணிக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க தம்பி. மிச்சத்தை விக்கிறதா நெனச்சு, நல்ல சரக்கையே பாதி விலைக்கு வித்துட்டிருந்தேன்” என்றார்.

அவர் எங்கே தவறினார் என்று பார்த்தால் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் புரிந்துவிடும். மாலை 6 மணிக்கு 50 ரூபாய்க்கு விற்ற பிரட்டும், இரவு 8 மணிக்கு 25 ரூபாய்க்கு விற்ற பிரட்டும் ஒரே தட்டில் இருந்த ஒரே பிரட். இரண்டு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர, வாங்குபவருக்கு எந்த இழப்பும் இல்லை. காத்திருக்கக் கற்றுக்கொண்டவர்கள் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தள்ளுபடி விலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். முழு விலைக்கு வாங்கியிருக்கவே மாட்டாதவர் வாங்கினால், வந்த காசு அத்தனையும் லாபம். வழக்கமாக முழு விலைக்கு வாங்குபவரே குறைந்த விலைக்கு மாறினால், கடை தன் கையாலேயே தன் பையைக் கிழித்துக்கொள்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கடை தினமும் 60 பிரட் சுடுகிறது. ஒன்றின் விலை 50 ரூபாய். 50 பிரட் விற்று 10 மிஞ்சுகிறது. மறுநாள் அந்தப் பத்தையும் 30 ரூபாய்க்குக் கொடுத்தால் 300 ரூபாய் வரும். அதை வாங்கிய பத்துப் பேரில், அன்று புதிய பிரட் வாங்கியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? அப்படி ஒவ்வொருவர் மாறும்போதும் 50 ரூபாய் விற்பனை ஒன்று கைவிட்டுப் போகிறது. இரண்டு பேர் மாறினால் 100 ரூபாய் போகும், 200 ரூபாய் மிஞ்சும். ஆறு பேர் மாறினால் 300 வந்து 300 போய்விடும். ஏழாவது ஆள் மாறினால் குப்பையில் கொட்டியிருந்தாலே நல்லது என்ற நிலைமை.

பத்துக்கு ஆறு என்ற இந்த எல்லை, 50 ரூபாய்க்கு 30 ரூபாய் என்ற விகிதத்திலிருந்து வருகிறது. விலையைப் பாதியாகக் குறைத்தால் எல்லை பத்துக்கு ஐந்தாக இறங்கும். 15 ரூபாய்க்குக் கொடுத்தால் பத்துக்கு மூன்று. ஆக, விலையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு அதிகம் பேர் மாறுவார்கள். தாங்கக்கூடிய எண்ணிக்கையோ அவ்வளவு குறைந்துகொண்டே வரும். ‘எப்படியும் மிச்சம்தானே, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு’ என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

மாறுபவர்களை எப்படித் தடுப்பது? இரண்டு பொருளுக்கும் நடுவே ஒரு வேலி போட வேண்டும். உலகம் முழுக்க பேக்கரிக்காரர்கள் இதற்கு விதவிதமான வேலிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் முந்தைய நாள் ரொட்டியை மட்டுமே விற்கும் தனிக் கடைகள் உண்டு. புதிய ரொட்டி வேண்டுபவர் ஒரு தெருவுக்கும், மலிவாக வேண்டுபவர் இன்னொரு தெருவுக்கும் போகிறார். இடமே அங்கே வேலி. 2015-இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘டூ குட் டு கோ’ செயலி வேறு வழி பிடித்தது. கடை மூடும் நேரத்தில் மிஞ்சியதை ஒரு பையில் போட்டு, சுமார் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பையைத் திறந்தால்தான் தெரியும். குறிப்பாக ஒரு கேக்கைத் தேடி வருபவர் இதை நம்பிக் காத்திருக்க முடியாது. எது கிடைத்தாலும் சரி என்பவருக்குத்தான் அது ஒத்துவரும்.

நம் ஊர்ச் சின்னக் கடைக்கு இரண்டாவது தெருவும் வேண்டாம், செயலியும் வேண்டாம். நேரத்தையே வேலியாக்கலாம். எங்கள் அண்ணன் இரண்டாவது தடவை அதைத்தான் செய்தார். இரவுத் தள்ளுபடி அடியோடு கிடையாது. மிஞ்சிய பிரட் மறுநாள் காலை 7 மணி முதல் 10 மணி வரை, கடையின் பக்கவாட்டில் ஒரு கூடையில் இருக்கும். அட்டையில் ‘நேற்றுச் சுட்டது, 30 ரூபாய்’ என்று எழுதியிருக்கும். அடுத்த பிரட் மதியம்தான் இறங்கும் என்பதால், அந்த நேரத்தில் கடையில் புதிய பிரட்டே கிடையாது. மாலையில் டீயோடு மெத்தென்று சாப்பிட வேண்டும் என்பவர் மாலையில்தான் வருவார். 10 மணிக்குக் கூடை உள்ளே போய்விடும். புதிய பிரட்டும் பழைய பிரட்டும் ஒரே நேரத்தில் ஒரே கண்ணில் படக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 30 ரூபாய் அட்டை 50 ரூபாய் பிரட்டை விலை கூடியதாகக் காட்டிவிடும்.

காலையில் வாங்க வந்தவர்கள் யார் என்பதில்தான் சுவாரசியம். நாலு பிரட் பிரட் ஆம்லெட் வண்டிக்காரருக்குப் போகிறது. அவருக்கு நேற்றைய பிரட்தான் வசதி. புதிய பிரட் கத்தி பட்டதும் நசுங்கும், முட்டையில் நனைத்தால் கூழாகும். ஒரு நாள் ஆனது விறைப்பாக நிற்கும். மீதியைப் பிள்ளைகளுக்கு டோஸ்ட் போடுபவர்கள் வாங்குகிறார்கள். வேறு வேலைக்கான வேறு பொருளாகவே அவர்களுக்கு அது தெரிகிறது.

பிரட் ஏன் இப்படி விறைக்கிறது? காய்ந்துபோவதால் என்றுதான் நாம் நினைக்கிறோம். 1852-இல் பிரான்ஸின் வேதியியலாளர் பூசங்கோ, ஈரம் வெளியேறாதபடி வைத்த ரொட்டியும் விறைப்பதைக் காட்டினார். திரும்பச் சூடாக்கினால் மென்மை வருவதையும் காட்டினார். அடுப்பில் வெந்து இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகுவதே காரணம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். மிஞ்சிய பிரட்டை இரவு ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுக்கும் கடைக்காரர், ஒரு நாள் பிரட்டைத் தானே மேலும் பழையதாக்குகிறார். உறைநிலைக்குக் கீழே உள்ள ஃப்ரீசரில் மட்டுமே அது கிட்டத்தட்ட நின்றுபோகும்.

விறைப்பது கெட்டுப்போவது அல்ல. கெட்டுப்போவதற்கு அடையாளங்கள் வேறு. பூஞ்சை அடுப்புச் சூட்டில் செத்துவிடும்; ஆறும்போதும் ஸ்லைஸ் போடும்போதும் திரும்ப வந்து ஒட்டும். சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டால் உள்ளே வியர்த்து, மழைக்காலத்தில் சீக்கிரமே பச்சைப் புள்ளி தெரியும். புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு விற்கக்கூடாது, முழு பிரட்டையும் எறிய வேண்டும். இன்னொன்று வெயில் காலத்தில் வரும். சூட்டைத் தாங்கும் ஒருவகை பாக்டீரியா விதைகள் அடுப்பில் பிழைத்துக்கொள்ளும். அப்போது பிரட் அதிகம் பழுத்த அன்னாசிபோல் மணக்கும், பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுக்கும். இவை இரண்டுக்கும் எந்த விலையும் பொருந்தாது. கவரில் அச்சிட்ட தேதி தாண்டியதற்கும் அப்படித்தான். தேதியை அழித்து மாற்றி ஒட்டுவது குற்றம்.

கேக் விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. ஸ்லைஸ் கேக், கப் கேக், பிளம் கேக் ஆகியவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு நாளில் அவை குறைந்துபோவதில்லை. பிளம் கேக் ஊற ஊறச் சுவை கூடும். இவற்றுக்கு மறுநாளே விலை குறைப்பது தேவையில்லாத இழப்பு. கிரீம் கேக் இதற்கு நேர் எதிர். பால் கிரீம் வைத்த கேக் குளிரில் இருந்தாக வேண்டும். வெளியே சில மணி நேரம் நின்றதை எந்தத் தள்ளுபடியும் காப்பாற்றாது. அதற்கு வழி விலையில் இல்லை, குறைவாகச் செய்து வைப்பதில் இருக்கிறது. காட்சிக்கு இரண்டு மூன்று முழுக் கேக் போதும், மற்றவை ஆர்டருக்கு.

விலையைக் குறைக்காமலே மிச்சத்தை விற்கும் வழியும் உண்டு. உருவத்தை மாற்றிவிட்டால் ஒப்பிடவே ஆள் இருக்காது. பிரட்டை ஸ்லைஸ் போட்டு மெல்லிய சூட்டில் மறுபடி வாட்டினால் ரஸ்க். பிரட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதை வற்ற விட்டுவிட்டால் பூஞ்சைக்கு இடமில்லை, வாரக் கணக்கில் நிற்கும். பொடித்தால் கட்லெட்டுக்குத் தூள். நெய்யில் வறுத்தால் பிரட் அல்வா. மிஞ்சிய சாதா கேக்கை உதிர்த்து உருட்டினால் ரம் பால். பிரான்ஸில் நேற்றைய குவாஸான் ரொட்டியைப் பாகில் நனைத்து, பாதாம் விழுது தடவி மறுபடி சுட்டு, சாதா குவாஸானைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். இதில் ஒரே நிபந்தனை, நல்ல நிலையில் உள்ளதை மட்டுமே எடுக்க வேண்டும். பூஞ்சை விட்ட நஞ்சு மறுபடி சுட்டாலும் போகாது.

எந்த வழியைப் பிடித்தாலும், புதிய விற்பனை அடிபடுகிறதா என்பதை நோட்டுப் புத்தகம்தான் சொல்லும். அண்ணன் கூடை வைப்பதற்கு முன் இரண்டு வாரம், வைத்த பின் இரண்டு வாரம் எழுதினார். திங்களைத் திங்களோடும் ஞாயிறை ஞாயிறோடும் ஒப்பிட்டார். புதிய பிரட் நாளுக்கு 50-லிருந்து 48 ஆகியிருந்தது. கூடையில் தினம் 10 போயிருந்தது. 300 வந்தது, 100 போனது. இழந்த இரண்டையும் சுடாமலே விட்டால் மாவு, ஈஸ்ட், எரிபொருள் செலவும் மிச்சம் என்று கண்டு, 60-ஐ 58 ஆக்கினார்.

அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூடை எப்போதும் நிரம்பி வழிவது நோட்டில் தெரிந்தது. அந்த நாளுக்கு 50 போதும் என்று குறைத்தார். கூடைக்காகச் சுடுவது கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. இப்போது புதன்கிழமை காலைகளில் பக்கவாட்டில் கூடையே இருப்பதில்லை. ஆம்லெட் வண்டிக்காரர் மட்டும் அன்றைக்கு முன்கூட்டியே நாலு பிரட் சொல்லி வைத்துவிடுகிறார், முழு விலைக்கு.